செக்யூர் பூட்டின் மீது சுமத்தப்படும் பழி

விண்டோஸுக்கு டிரைவர் எழுதத் தொடங்கும் ஆய்வு மாணவருக்கு மூத்தவர்கள் வழங்கும் முதல் உபதேசம் பெரும்பாலும் ஒன்றேதான்: "பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடு, இல்லையென்றால் எதுவும் ஓடாது." திட்ட அறிக்கைகளின் பின்னிணைப்புகளில் இது முதல் படியாக அச்சேறுகிறது. இந்த உபதேசத்தோடு ஒரு கருத்தும் கைமாறுகிறது. செக்யூர் பூட் என்பது மைக்ரோசாஃப்ட் பூட்டிய விலங்கு, கணினியின் உரிமையாளரிடமிருந்து கணினியைப் பறிக்கும் சூழ்ச்சி, ஆகவே அதை அணைப்பது ஆய்வுச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்பதே அக்கருத்து. (தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது 'பூட்' என்பது 'பூட்டு' ஆகிவிடுவதும் இந்தக் கருத்துக்குத் துணை செய்கிறது போலும்.)

உபதேசம் பாதி சரி. கருத்தோ இடம் மாறி விழுந்த கல். மைக்ரோசாஃப்டின் மீது வைக்க வேண்டிய குற்றச்சாட்டு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் டெஸ்ட் சைனிங்கை செக்யூர் பூட் தடுக்கிறது என்பது அந்தக் குற்றச்சாட்டு அன்று. அந்தத் தடை சரியானது. அது இல்லாவிட்டால் செக்யூர் பூட்டுக்குப் பொருளே இல்லை.

ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், உணரிகளிலிருந்து அளவீடுகளைத் திரட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை ஒன்றை ஒரு மாணவர் வடிவமைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டையின் நினைவகத்தைக் கணினியின் நினைவகத்தோடு இணைக்கவும், குறுக்கீட்டுச் சமிக்ஞைகளைக் கையாளவும் அவருக்கு ஒரு கர்னல் டிரைவர் தேவை. விஸ்டா காலம் தொட்டு 64 பிட் விண்டோஸ், ஏற்கத்தக்க கையொப்பம் இல்லாத கர்னல் டிரைவரை ஏற்றுவதில்லை. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பு விதியை மேலும் இறுக்கியது: புதிய கர்னல் டிரைவர்கள் மைக்ரோசாஃப்டின் இணையவாயில் வழியே சென்று அந்நிறுவனத்தின் கையொப்பத்தையே பெற்று வர வேண்டும். அந்த வாயிலுக்குள் நுழைய, ஒரு நிறுவனத்தின் பெயரில் கடுமையான அடையாளச் சோதனைக்குப் பின் வழங்கப்படும் கட்டணச் சான்றிதழ் வேண்டும். ஒரே நாளில் இருபது முறை திருத்தித் தொகுக்கப்படும் டிரைவரை இருபது முறையும் அந்த வாயிலுக்கு அனுப்பிக் காத்திருக்க யாராலும் முடியாது. அதற்காகத்தான் டெஸ்ட் சைனிங் என்னும் வழி வைக்கப்பட்டிருக்கிறது.

மாணவர் தமக்குத் தாமே ஒரு சான்றிதழை உருவாக்கி, அதைக் கொண்டு டிரைவரில் கையொப்பமிட்டு, பின்னர் சோதனை நிலையை இயக்க முயல்கிறார்:

```
signtool sign /fd SHA256 /s My /n "LabTest" daq.sys
bcdedit /set testsigning on
```

முதல் கட்டளை நிறைவேறுகிறது. இரண்டாவதற்கு இந்த விடை கிடைக்கிறது:

```
An error has occurred setting the element data.
The value is protected by Secure Boot policy and cannot be modified or deleted.
```

அவர் கணினியின் நிர்வாகி. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடுதான் திறந்தார். இருந்தும் கணினி மறுக்கிறது. பொறாமல் டிரைவரை அப்படியே நிறுவிப் பார்த்தால், சாதன மேலாளரில் அட்டையின் பெயருக்கு அருகே மஞ்சள் முக்கோணமும் 52 என்னும் பிழை எண்ணும் தோன்றுகின்றன. 'என் கணினியில் எனக்கே அதிகாரம் இல்லையா' என்னும் சினம் பிறப்பது இந்த இடத்தில்தான். இந்தச் சினம் ஒரு தவறான அனுமானத்தின் மேல் நிற்கிறது.

டெஸ்ட் சைனிங் என்ற பெயரைக் கேட்பவர்கள், அது தம்முடைய டிரைவருக்கு மட்டும் வழங்கப்படும் தற்காலிக அனுமதிச் சீட்டு என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது அப்படிப்பட்டதன்று. அந்நிலையில் கர்னல், டிரைவரில் ஏதேனும் ஒரு கையொப்பம் இருக்கிறதா, கோப்பு அதன் பின் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. கையொப்பமிட்டவரின் சான்றிதழ் நம்பத்தகுந்த மூலத்திலிருந்து வந்ததா என்று கேட்பதில்லை. மாணவர் ஐந்து நிமிடத்தில் ஆக்கிய சான்றிதழ் எப்படி ஏற்கப்படுகிறதோ, அப்படியே வேறு எவர் ஐந்து நிமிடத்தில் ஆக்கியதும் ஏற்கப்படும். இங்கே மாறுவது ஒரு டிரைவரின் தகுதி அன்று. அந்தக் கணினியின் கர்னலுக்கு வாசற்காவல் இருக்கிறதா இல்லையா என்பதே. திரையின் வலது கீழ் மூலையில் தோன்றும் `Test Mode` என்ற எழுத்துகள் உண்மையில் அந்தச் செய்தியைத்தான் அறிவிக்கின்றன. அவற்றை மறைப்பதற்கு வழி தேடும் மாணவர்களும் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

இந்த நிலையை இயக்கும் குறிப்பு எங்கே எழுதப்படுகிறது என்று பார்த்தால் தடையின் காரணம் புலப்படும். கணினியை இயக்கியவுடன் ஃபர்ம்வேர் தன்னிடம் உள்ள சான்றிதழ்ப் பட்டியலைக் கொண்டு விண்டோஸின் பூட் மேலாளரைச் சரிபார்க்கிறது. பூட் மேலாளர் அடுத்துள்ள ஏற்றியைச் சரிபார்க்கிறது. ஏற்றி கர்னலையும் தொடக்க டிரைவர்களையும் சரிபார்க்கிறது. ஒருவர் கையைப் பிடித்து அடுத்தவர் என்ற இந்தச் சங்கிலியில் வருபவை அனைத்தும் கையொப்பமிடப்பட்ட நிரல்கள். ஆனால் எப்படித் தொடங்க வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லும் துவக்க அமைப்புத் தரவகம் கையொப்பமிடப்பட்டதன்று. அப்படி இருக்கவும் முடியாது. ஒவ்வொரு கணினியிலும் அது வேறுபடும், நாளுக்கு நாள் மாறும். நிர்வாகி உரிமை பெற்ற எந்த நிரலும் அதில் எழுதலாம். `testsigning` என்ற ஆம்-இல்லை மதிப்பு அந்தத் தரவகத்தில்தான் குடியிருக்கிறது.

இவ்வளவு காவலோடு வரும் சங்கிலி, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒரு தாளை வாசித்து, "இனிச் சரிபார்க்க வேண்டாம்" என்ற வரிக்குக் கட்டுப்பட்டால், முன்னர் நடந்த சரிபார்ப்புகள் எல்லாம் எதற்கு? ஆகவேதான் செக்யூர் பூட் இயங்கும்போது, அத்தரவகத்தின் எந்தெந்த அமைப்புகளுக்கு இணங்கலாம் என்று வரையறுக்கும் கொள்கை ஒன்றைப் பூட் மேலாளர் கைக்கொள்கிறது. `testsigning` அதில் தடைப்பட்டது. சரிபார்ப்பை அறவே நிறுத்தும் `nointegritychecks` என்பதும் அப்படியே. மாணவர் கண்ட பிழைச்செய்தி அந்தக் கொள்கையின் வாசற்படிக் குரல் மட்டுமே.

இது வெறும் தர்க்கத்தில் பிறந்த அச்சமா என்று கேட்போருக்கு 2011ஆம் ஆண்டின் பிரேசில் நிகழ்வு விடை தருகிறது. அவ்வாண்டு காஸ்பர்ஸ்கி நிறுவன ஆய்வாளர்கள், பிரேசில் வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்த ரூட்கிட் ஒன்றை விவரித்தார்கள். அது 64 பிட் விண்டோஸிலும் இயங்கியது. அதற்காக அதை எழுதியவர்கள் கர்னலில் ஓட்டை எதையும் தேடவில்லை; எவருடைய தனிச்சாவியையும் திருடவில்லை. ஒரு தொகுதிக் கோப்பின் வழியாக விண்டோஸோடு வரும் `bcdedit` கருவியையே அழைத்து, ஆய்வக மாணவர் தட்டச்சு செய்த அதே அமைப்பை இயக்கினார்கள். தம் டிரைவர்களைத் தொடக்கத்திலேயே ஏறும்படி பதிவுசெய்தார்கள். அடுத்த முறை கணினி தொடங்கியபோது அந்த டிரைவர்கள் வங்கித் தளங்களின் முகவரிகளைப் போலித் தளங்களுக்குத் திருப்பின; வங்கிகள் தந்திருந்த பாதுகாப்புச் செருகுநிரலின் கோப்புகளை நீக்கின. போலித் தளம் மெய்யானதாகத் தோன்றுவதற்காகக் கணினியில் போலிச் சான்றிதழ் மூலமும் பதிக்கப்பட்டிருந்தது.

விண்டோஸ் 8இன் வழியாக செக்யூர் பூட் பொதுமக்களின் கணினிகளுக்கு வந்தது 2012இல். அதற்கு முந்திய ஆண்டில் நடந்தது இது. கட்டளையைத் தட்டச்சு செய்தது டிரைவர் உருவாக்குநரா, திருட்டு நிரலா என்று அந்தக் கணினிகளால் பிரித்தறிய இயலவில்லை. இருவரும் நிர்வாகிகள், இருவரும் தட்டச்சு செய்தது ஒரே வரி. விவாதத்தின் மையம் இதுவே. நிர்வாகி உரிமை என்பது ஒரு மனிதரின் அடையாளம் அன்று. மனிதர் ஒரு முறை 'ஆம்' என்று சொடுக்கியபின் எந்த நிரலுக்கும் கிடைத்துவிடும் ஒரு தகுதி. "நான் உரிமையாளன்" என்று இயங்குதளத்துக்குள் இருந்துகொண்டு சொல்வதால் எதுவும் நிறுவப்படுவதில்லை.

நிரலால் செய்ய இயலாத, மனிதரால் மட்டுமே இயலும் செயல் எது? இயங்குதளம் எழுவதற்கு முன், கணினியின் எதிரே அமர்ந்து, விசையை அழுத்தி, ஃபர்ம்வேர் திரைக்குள் நுழைவது. செக்யூர் பூட்டை அணைக்கும் அதிகாரம் அங்கே வைக்கப்பட்டிருப்பது தற்செயல் அன்று. ஆக, அந்தப் பிழைச்செய்தி உரிமையாளரின் உரிமையை மறுக்கவில்லை. உரிமையைக் கோருபவர் விசைப்பலகையின் முன் இருக்கும் ஆளா, உள்ளே புகுந்த நிரலா என்று கேட்கிறது. ஆளாக இருந்தால் அந்த வாசல் வழியாக வருமாறு சொல்கிறது.

உருவாக்குநர்களுக்கென ஒரு விதிவிலக்கை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்துவிடலாமே என்பார் உண்டு. அந்தச் சோதனையும் நடந்து முடிந்துவிட்டது. 1607 பதிப்பை உருவாக்கிய காலத்தில் மைக்ரோசாஃப்ட், தன் சோதனையாளர்களின் வசதிக்காகத் துணைக்கொள்கை என்னும் புது வகைக் கோப்புகளைக் கையொப்பமிட்டு ஆக்கியது. ஏற்கெனவே உள்ள அடிப்படைக் கொள்கையோடு சேர்த்து வாசிக்கப்பட வேண்டியவை அவை. சேர்ந்து வாசிக்கப்படும் என்ற எண்ணத்தால் அவற்றுள் எந்தக் கணினிக்கு உரியது என்ற குறிப்பும் இல்லை. துவக்க அமைப்புகளுக்கான தடைகளும் இல்லை. புதிய பூட் மேலாளருக்கு இந்த வேறுபாடு தெரியும். பழைய பூட் மேலாளருக்குத் தெரியாது. அது கையொப்பத்தைப் பார்த்தது, செல்லுபடியாகிறது என்று கண்டது, துணைக்கொள்கையையே முழுக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. தடை எதுவும் எழுதப்படாத கொள்கையின் கீழ் `testsigning` தாராளமாக இயங்கியது. செக்யூர் பூட்டை அணைக்கவே வழியில்லாத விண்டோஸ் ஆர்டி பலகைக் கணினிகளிலும் இது பலித்தது. 2016 ஆகஸ்டில் இரு ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மைக்ரோசாஃப்ட் திருத்தங்களை வெளியிட்டது. ஆயினும் பழைய பூட் மேலாளர்கள் அனைத்தையும் செல்லாதவையாக்கினால், உலகெங்கும் உள்ள பழைய நிறுவல் வட்டுகளும் மீட்பு ஊடகங்களும் தொடங்காமல் போகும். தயாரிப்பாளரே தன் ஆட்களுக்கென்று வைத்த பக்கவாசலின் கதி இது. ஆய்வகங்களுக்கென்று இன்னொன்று வைத்தால் வேறு கதி வாய்க்கும் என்று நம்புவதற்குக் காரணம் இல்லை.

கற்றவர்களிடமிருந்து வரும் மற்றொரு மறுப்பு இது: தாக்குபவர்கள் இப்போதெல்லாம் முறையாகக் கையொப்பமிடப்பட்ட, ஆனால் ஓட்டை உள்ள பழைய டிரைவர்களையே உடன் கொண்டுவந்து கர்னலுக்குள் நுழைகிறார்கள், பிறகு இந்தக் கெடுபிடி எதற்கு? கூற்று உண்மை, முடிவு பிழை. ஓட்டை உள்ள டிரைவருக்கு ஒரு பெயர் உண்டு, கையொப்பம் உண்டு. அறியப்பட்டவுடன் தடைப்பட்டியலில் அதைச் சேர்க்கலாம். விண்டோஸ் 11இல் அப்படியொரு பட்டியல் இயல்பாகவே இயங்குகிறது. டெஸ்ட் சைனிங் நிலையிலோ தாக்குபவர் ஒவ்வொரு முறையும் புதிய சான்றிதழோடு புதிய டிரைவரை ஆக்கிக்கொள்ளலாம். பட்டியலிட அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

இனி, மைக்ரோசாஃப்டின் மீது வைக்க வேண்டிய மெய்யான குற்றச்சாட்டு. லினக்ஸ் உலகில் உபுண்டு போன்ற வழங்கல்களில், செக்யூர் பூட்டை அணைக்காமலேயே ஒருவர் தம் சொந்தச் சாவியைப் பதிந்துகொள்ளலாம். `mokutil --import` என்ற கட்டளையால் விண்ணப்பித்து, ஒரு கடவுச்சொல்லைத் தந்து, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். இயங்குதளம் எழும் முன் ஒரு நீலத்திரை தோன்றி அதே கடவுச்சொல்லைக் கேட்கும். அதைத் தட்டச்சு செய்ய ஆள் அங்கே இருக்க வேண்டும். அதன்பின் அந்தச் சாவியால் கையொப்பமிட்ட கர்னல் கூறுகள் மட்டும் ஏறும், பிறருடையவை ஏறா. நேரில் இருத்தல் என்ற அதே கொள்கைதான் இங்கும். ஆனால் திறக்கப்படுவது ஒரு சாவித்துவாரம். முழுக் கதவு அன்று. விண்டோஸில் சாதாரண உருவாக்குநருக்கு இதற்கு இணையான வழி வைக்கப்படவில்லை. எல்லாவற்றையும் பூட்டு, அல்லது எல்லாவற்றையும் திற என்ற இரண்டே நிலைகள். விண்டோஸ் 8 காலத்துச் சான்றளிப்பு விதிகள், சாதாரண கணினிகளில் செக்யூர் பூட்டை அணைக்கும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்றன; விண்டோஸ் 10இல் அது தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. உரிமை பற்றிக் கொதிப்பவர்கள் கொதிக்க வேண்டியது இங்கேதான். "தடையை நீக்கு" என்பதற்குப் பதிலாக "என் சாவியைப் பதிய ஓர் இடம் தா" என்று கேட்டால் அதற்கு மறுமொழி சொல்வது மைக்ரோசாஃப்டுக்கு எளிதாக இராது.

அந்த இடம் கிடைக்கும் வரை ஆய்வகங்கள் என்ன செய்வது? பலர் கேட்காமலே விடும் முதற்கேள்வி, கர்னல் டிரைவர் தேவைதானா என்பது. ஆய்வகக் கருவி யூஎஸ்பி வழியே இணைவதாக இருந்தால், விண்டோஸிலேயே உள்ள வின்யூஎஸ்பி டிரைவரைப் பயன்படுத்திப் பயனர் நிலை நிரலிலேயே எல்லாவற்றையும் செய்யப் பெரும்பாலும் முடியும். டெஸ்ட் சைனிங் என்ற பேச்சே எழாது. வன்பொருள் எதையும் தொடாத வடிகட்டி டிரைவர் போன்றவற்றை மெய்நிகர் கணினியில் சோதிக்கலாம். ஹைப்பர்-வியில் அந்த மெய்நிகர் கணினிக்கு மட்டும் செக்யூர் பூட்டை அணைக்க ஒரு வரி போதும். அதை இயக்கும் கணினியின் காவல் அப்படியே இருக்கும்:

```
Set-VMFirmware -VMName "DriverTest" -EnableSecureBoot Off
```

மேலே கண்ட மாணவரின் அட்டையோ பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை. அதற்கு மெய்யான கணினி வேண்டும். அந்தக் கணினி அவர் ஆய்வேடு எழுதும், வங்கிக் கணக்கைத் திறக்கும், மதிப்பெண் பட்டியலை வைத்திருக்கும் மடிக்கணினியாக இருக்கக் கூடாது. ஓரமாகக் கிடக்கும் பழைய மேசைக் கணினி ஒன்று போதும். நிரலை ஒன்றில் எழுதுவதும் மற்றொன்றில் சோதிப்பதும் கர்னல் துறையில் நெடுநாளைய வழக்கம். டிரைவர் பிழையால் நீலத்திரை விழும்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பும் சேர்ந்து போகாமல் இருக்க அது உதவுகிறது.

தன் மடிக்கணினியில்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்குக் காத்திருக்கும் இடர் வேறொன்று. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டுக் குறியாக்கம் உரிமையாளர் அறியாமலே இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் திறவுகோல் செக்யூர் பூட்டின் நிலையோடு பிணைக்கப்பட்டிருப்பது வழக்கம். முன்னேற்பாடு இன்றி ஃபர்ம்வேரில் அதை அணைத்துவிட்டு வெளியே வந்தால், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும் திரை எதிர்கொள்ளும். அந்த எண் எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டது என்று நினைவில்லாதவர்களுக்கு, அன்றோடு ஆய்வேட்டின் ஒரே பிரதி முடிந்தது. மீட்பு எண்ணை வெளியே குறித்துவைத்துக்கொண்டு, குறியாக்கக் காவலை இடைநிறுத்திய பின்னரே ஃபர்ம்வேருக்குள் நுழைய வேண்டும். மூத்த மாணவரின் உபதேசத்தில் இந்த வரி இருப்பதே இல்லை.

சோதனை முடிந்த பிறகு செய்ய வேண்டியதும் அந்த உபதேசத்தில் இல்லை. டிரைவர் பொதியை நிறுவுவதற்காக மாணவரின் சான்றிதழ் கணினியின் நம்பத்தகுந்த மூலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கும். அதன் தனிச்சாவி ஆய்வகத்தின் பொதுக் கோப்புறையில் எல்லார் கைக்கும் எட்டும்படி கிடக்கும். மாணவர் பட்டம் பெற்றுப் போன பின்னும் அந்தச் சான்றிதழ் அங்கேயே இருக்கும். அந்தச் சாவி எவர் கையில் கிடைத்தாலும், அவர் கையொப்பமிடும் நிரலை அந்தக் கணினி நம்பும். ஆகவே `bcdedit /set testsigning off` என்று கொடுத்து, சான்றிதழை இரு பட்டியல்களிலிருந்தும் நீக்கி, ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கி, `Confirm-SecureBootUEFI` என்ற கட்டளைக்கு `True` என்ற விடை வருகிறதா என்று பார்த்துவிட்டே அந்த மேசைக் கணினியை அடுத்த மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும்.